“நீயே போயிட்டு வா”

கோவையில் லேத் பட்டறை நடத்தும் கணவர், ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கும் மனைவி என்று வைத்துக்கொள்வோம். மகளின் பள்ளியில் பெற்றோர் கூட்டம். டீச்சர் ஆங்கிலத்தில் கேட்கிறார். அவர் வாயெடுப்பதற்குள் மனைவி பதில் சொல்லிவிடுகிறார். உதவி செய்வதாகத்தான் நினைக்கிறார். அடுத்த கூட்டத்துக்குக் கணவர், “பட்டறையில வேலை இருக்கு, நீயே போயிட்டு வா” என்கிறார். சண்டை இல்லை, அதனால் பிரச்சினையும் தெரிவதில்லை. இப்படி அவர் ஒதுங்கும் இடங்கள் கூடிக்கொண்டே போவதுதான் அடையாளம். உச்சரிப்பைப் பிள்ளைகள் முன்னால் திருத்துவது இன்னும் மோசம். நாளைக்கு மகளும் அப்பாவைத் திருத்துவாள்.

இதற்கு ஆங்கில வகுப்பு முதல் மருந்தல்ல என்பேன். கிளம்பும் முன்பே, “மேத்ஸ் மார்க் பத்தி நீங்க கேளுங்க, ஹோம்வொர்க் பத்தி நான் கேக்கறேன்” என்று பிரித்துக்கொள்ளலாம். உள்ளே போனதும் மனைவியே தமிழில் பேச்சைத் தொடங்கினால், பெரும்பாலான டீச்சர்கள் தமிழுக்கு வந்துவிடுவார்கள். வராவிட்டால், கணவர் கேட்டால் மட்டும் மொழிபெயர்க்க வேண்டும். அவருக்கே ஆங்கிலம் கற்க ஆசை வந்தால் சொல்லிக்கொடுக்கலாம், ஆனால் தனியாக இருக்கும்போது.