பேட்டரி விளக்குக்கு ஒரு காவலாளி



லூமுட் கடலோரத்தில் இரவில் தூண்டில் போடச் செல்வோர் பலர் பழைய கார் பேட்டரியில் எல்.இ.டி. விளக்கு எரிப்பதுண்டு. ஒரு வாட் எல்.இ.டி. மூன்றை வரிசையாக இணைத்தால் அவற்றுக்குச் சுமார் 9.6 வோல்ட் வேண்டும். ஓடவேண்டிய மின்னோட்டம் 350 மில்லி ஆம்பியர். எஞ்சிய 2.4 வோல்ட்டுக்கு 6.8 ஓம் மின்தடை ஒன்றைப் போட்டால் கணக்குச் சரியாகிவிடும். ஆனால், பேட்டரி எப்போதும் 12 வோல்ட்டிலேயே நிற்பதில்லை. சார்ஜ் ஏறும்போது அது 14.4 வோல்ட்டைத் தொடும். அப்போது ஏறக்குறைய 600 மில்லி ஆம்பியர் ஓடி எல்.இ.டி. கருகும். 11 வோல்ட்டுக்கு இறங்கினால் வெளிச்சம் மங்கும்.

இதற்கு இரண்டு டிரான்சிஸ்டர்கள் போதும். பெரியது டி.ஐ.பி. 31, சிறியது பி.சி. 547. பேட்டரியின் நேர்முனையிலிருந்து மூன்று எல்.இ.டி.களைக் கடந்து, பெரியதன் கலெக்டருக்கு வாருங்கள். அதன் எமிட்டரிலிருந்து 1.8 ஓம் மின்தடை வழியாக எதிர்முனைக்குச் செல்லுங்கள். பெரியதன் பேஸுக்கு நேர்முனையிலிருந்து 470 ஓம், ஒரு வாட் மின்தடை கொடுங்கள். சிறியதன் பேஸைப் பெரியதன் எமிட்டரிலும், கலெக்டரைப் பெரியதன் பேஸிலும், எமிட்டரை எதிர்முனையிலும் இணையுங்கள்.

இனி நடப்பதைப் பாருங்கள். மின்னோட்டம் கூடினால் 1.8 ஓம் மின்தடையின் மேல் வோல்ட் உயரும். அது 0.63 வோல்ட்டை நெருங்கியதும் சிறிய டிரான்சிஸ்டர் விழித்துக்கொண்டு, பெரியதன் பேஸுக்குப் போகும் மின்சாரத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். பெரியது கையை இறுக்கிக்கொள்ளும். 0.63ஐ 1.8ஆல் வகுத்தால் 0.35 ஆம்பியர். பேட்டரி 11 ஆனாலும் 14.4 ஆனாலும் ஏறக்குறைய இதே அளவுதான்.

மிஞ்சும் வோல்ட் பெரிய டிரான்சிஸ்டரில் சூடாக மாறும். 14.4 வோல்ட்டில் அது ஒன்றரை வாட் அளவு. ஆகவே அதை அலுமினியத் தகட்டில் திருகுங்கள். எல்.இ.டி.களுக்கும் வேறொரு தகடு வேண்டும். சிறிய டிரான்சிஸ்டரைச் சூட்டிலிருந்து தள்ளி வையுங்கள்; அது சூடானால் முன்கூட்டியே விழித்து வெளிச்சத்தைக் குறைத்துவிடும்.

ஒருமுறை நாங்கள் தகட்டை எதிர்முனை படும்படி வைத்துவிட்டோம். டி.ஐ.பி. 31இன் உலோக முதுகு கலெக்டரோடு சேர்ந்தது என்பதை மறந்திருந்தோம். மின்னோட்டம் காவலாளியைத் தாண்டி நேராக ஓடியது, மூன்று எல்.இ.டி.களும் ஒரே நொடியில் போயின. எனவே தகடு வேறெதையும் தொடாதிருக்கட்டும். பேட்டரியின் நேர்முனையில் ஒரு ஆம்பியர் பியூசும் போடுங்கள்.

விளக்கை எரியவிட்டு 1.8 ஓம் மின்தடையின் இருமுனையிலும் மீட்டர் வையுங்கள். 0.6 முதல் 0.65 வோல்ட் காட்டினால் வேலை சரி. ஒன்றுமே காட்டாவிட்டால் பியூசையும் இணைப்புகளையும் சோதியுங்கள். 0.7ஐத் தாண்டினால் உடனே அணைத்துவிட்டுச் சிறிய டிரான்சிஸ்டரின் கால்களைச் சரிபாருங்கள். காவலாளி உறங்குகிறான் என்று பொருள்.