சுவரில் நாலு வரி

ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி ஒன்றின் வெளிச் சுவரில் கல்வியைப் பற்றி நாலு வரிக் கவிதை எழுத வேண்டும் என்று என்னிடம் கேட்டார்கள். சுவரின் அகலம் 10 அடி. இந்தப் பக்கம் ஜன்னல், அந்தப் பக்கம் மூலை. படிக்கப் போகிறவர்கள் ஒன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகள். பெரிய எழுத்து, சின்னச் சொல், நாலே வரி. தலைமை ஆசிரியை சொன்ன நிபந்தனை இவ்வளவுதான்.

பள்ளிச் சுவர் என்றதும் கை தானாக எழுதும் வரி ஒன்று உண்டு. நானும் அப்படித்தான் தொடங்கினேன்: 'அறிவொளி பரவிட ஆர்வத்துடன் கற்றிடுவோம்.' ஆசிரியை படித்துப் பார்த்துவிட்டு, "சார், இது மேடைக்கு நல்லா இருக்கும். என் பிள்ளைங்க 'ஆர்வத்துடன்' முடிக்கிறதுக்குள்ள 'அறிவொளி'யை மறந்துடுவாங்க" என்றார்.

அவர் சொன்னது சரி. எழுத்துக் கூட்டிப் படிக்கிற பிள்ளை ஒவ்வோர் எழுத்தாக ஒலித்து, ஒலித்ததை எல்லாம் மனதில் நிறுத்தி, கடைசியில் சேர்த்துச் சொல்லாக்க வேண்டும். 'ஆர்வத்துடன்' ஏழு எழுத்து. ஏழாவதான 'ன்' வரும்போது முதலில் வந்த 'ஆ' கைநழுவிப் போயிருக்கும். இரண்டு மூன்று எழுத்துச் சொல் என்றால் அந்தச் சுமை இல்லை. 'மழை' என்று சேர்ந்ததுமே பிள்ளையின் மனதில் மழை வந்துவிடும். பொருள் கிடைத்த தெம்பில் அடுத்த சொல்லுக்குப் போகும். சின்னச் சொல் வேண்டும் என்பதற்குக் காரணம் இதுதான். அழகெல்லாம் அப்புறம்.

இன்னொன்றும் இருக்கிறது. 'அறிவொளி', 'ஆர்வம்' போன்றவற்றைப் பிள்ளை கண்ணால் பார்த்ததில்லை. கற்றல் என்றால் என்ன செய்ய வேண்டும் என்று அந்த வரி சொல்லவும் இல்லை. ஆறு வயதுப் பிள்ளைக்குக் கற்றல் என்பது ஏன் என்று கேட்பது, தேடுவது, புத்தகத்தைத் திறப்பது, தெரிந்துகொண்டதை யாரிடமாவது ஓடிப்போய்ச் சொல்வது. இந்த நாலு செயலை நாலு வரியாக்க முடியுமா என்று பார்த்தேன். பல தாள் கிழிந்த பிறகு நின்றது இது:

ஏன் மழை? ஏன் இடி?
நீ கேள். நீ தேடு.
ஏட்டில் பார். படி.
வீட்டில் நீ சொல்.

மொத்தம் 29 எழுத்து. மிக நீளமான சொற்களான 'ஏட்டில்', 'வீட்டில்' இரண்டுக்கும் நாலு எழுத்துதான். தமிழில் 247 எழுத்து இருக்க, இந்தப் பாட்டுக்கு வெவ்வேறு எழுத்தாக 18 தெரிந்தால் போதும். 'ஏன்', 'நீ', 'டி' திரும்பத் திரும்ப வருகின்றன. ஒரு தடவை கூட்டிப் படித்த சொல் அடுத்த முறை முகம் தெரிந்த சொல்லாக வரும்.

ஓசையைக் கைதட்டிப் பார்த்தே சரிசெய்தேன். ஏன்–மழை–ஏன்–இடி, நாலு தட்டு. ஏட்–டில்–பார்–படி, வீட்–டில்–நீ–சொல், இவற்றிலும் அப்படியே. இரண்டாம் வரியில் 'தேடு' என்பதை இலக்கணப்படி தே, டு என்று இரண்டு அசையாகப் பிரிக்கலாம். ஆனால் கடைசி 'டு' குற்றியலுகரம். சொல்லும்போது குறுகி ஒலிப்பதால் ஒரே தட்டில் அடங்கிவிடுகிறது. முதல் வரியும் மூன்றாம் வரியும் 'ஏ' என்று தொடங்கி 'டி' என்று முடிகின்றன. 'ஏட்டில்', 'வீட்டில்' இரண்டும் எதுகை. கூட்டிப் படிக்கத் தடுமாறும் பிள்ளை ஓசையைப் பிடித்துக்கொண்டு அடுத்த சொல்லை ஊகிக்கும். எதுகையும் மோனையும் இங்கே அலங்காரத்துக்காக வரவில்லை, படிக்கக் கைகொடுக்க வந்தவை.

சுவருக்குப் போகும் முன் கரும்பலகையில் எழுதி இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளைப் படிக்கச் சொன்னோம். அப்போது கடைசி வரி 'வீட்டில் போய்ச் சொல்' என்று இருந்தது. 'போய்ச்' என்ற இடத்தில் பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். இரண்டு மெய் அடுத்தடுத்து வருகிறது. அதிலும் அந்த 'ச்' தனக்கென்று பொருள் இல்லாத சந்தி எழுத்து. சந்தியை நீக்கி எழுதினால் பள்ளிச் சுவரிலேயே பிழை ஏறிவிடும். அதனால் சொல்லையே மாற்றினோம். 'நீ' வந்து உட்கார்ந்தது, தட்டும் குறையவில்லை.

'ஏட்டில்' பற்றிப் பேச்சு நீண்டது. இன்றைய பிள்ளைக்கு நோட்டு தெரியும், புத்தகம் தெரியும், ஏடு தெரியாது. 'புத்தகத்தில்' என்று எழுதலாம்தான். ஆனால் அது ஏழு எழுத்து, 'த்' இரண்டு முறை வருகிறது, தட்டும் கெடும். நாலு வரியில் தெரியாத சொல் ஒன்றே ஒன்று இருந்தால் அதை ஆசிரியர் ஒரு நிமிடத்தில் விளக்கிவிடலாம் என்று முடிவு செய்தோம். அப்படி இரண்டு இருந்தால் நான் பாட்டையே மாற்றியிருப்பேன்.

கொம்பு எழுத்துகளையும் எண்ணிப் பார்க்க வேண்டியிருந்தது. 'கே' என்பதில் கொம்பு முன்னால் நிற்கிறது, அதன் ஒலியோ ககரத்துக்குப் பின்னால் வருகிறது. இடமிருந்து வலமாகப் படித்துப் பழகும் கண்ணுக்கு இது இடறல். 'ஐ' ஒலிக்கான குறியும் அப்படித்தான் முன்னால் நிற்கும். இந்தப் பாட்டில் அந்த வகை எழுத்து நாலு: ழை, கே, தே, சொ. முழுவதும் தவிர்த்திருந்தால் 'மழை'யும் போயிருக்கும், 'கேள்' என்பதும் போயிருக்கும். அதற்கு நான் தயாராக இல்லை.

இனி எழுத்தின் அளவு. விளம்பரப் பலகை எழுதுபவர்களிடம் ஒரு கணக்கு உண்டு: 10 அடி தூரத்துக்கு 1 அங்குல உயரம் இருந்தால் வசதியாகப் படிக்கலாம். காலை வழிபாட்டுக் கூட்டத்தில் கடைசி வரிசை சுவரிலிருந்து சுமார் 40 அடி தள்ளி நிற்கும் என்றால் 4 அங்குலம் போதும். ஆனால் அது சரளமாகப் படிக்கும் பெரியவர்களுக்கான கணக்கு. எழுத்தின் ஒவ்வொரு வளைவையும் பார்த்து அடையாளம் காணும் பிள்ளைக்கு இன்னும் பெரிதாக வேண்டும். 6 அங்குலம் என்று வைத்தோம். 'ப' என்ற எழுத்தின் உயரத்தைத்தான் இங்கே அளவாகக் கொள்ள வேண்டும், ஏனென்றால் தமிழ் எழுத்துகள் எல்லாம் ஒரே உயரத்தில் அடங்குவதில்லை. புள்ளியும் 'டி', 'நீ' ஆகியவற்றின் விசிறியும் மேலே ஏறும். 'ஏ', 'ழை', 'டு' கீழே இறங்கும். மேலே 3 அங்குலம், கீழே 3 அங்குலம், நடுவே மூச்சுவிட 1 அங்குலம் என்று வரிக்கு வரி 13 அங்குலம் ஒதுக்கினோம். நாலு வரிக்கு 52 அங்குலம், அதாவது 4 அடி 4 அங்குலம். இந்த இடைவெளி இல்லாமல் எழுதினால் மேல்வரி எழுத்தின் வால் கீழ்வரியின் புள்ளியில் இடிக்கும்.

அகலமாவது முதல் வரிதான். 'ன்', 'ழை', 'இ' எல்லாம் இடம் பிடிக்கும் எழுத்துகள். 6 அங்குல உயரத்தில் சொல் இடைவெளியும் சேர்த்து அந்த வரி சுமார் 9 அடி வரும். சுவர் 10 அடி என்பதால் மயிரிழையில் தப்பித்தது. பல சுவர்களில் முதல் சொல் பெரிதாகத் தொடங்கி, கடைசிச் சொல் நசுங்கிப் போயிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அளக்காமல் இடது ஓரத்தில் தூரிகை வைத்ததன் விளைவு அது. எங்கள் ஓவியர் சுண்ணக்கட்டிப் பொடி தேய்த்த நூலை இருபுறமும் இழுத்துப் பிடித்துத் தெறித்துக் கோடு போட்டார். பிறகு நாலு வரியையும் சாக்பீஸால் முழுவதும் எழுதிப் பார்த்த பிறகே பெயிண்ட் டப்பாவைத் திறந்தார்.

ஓவியரிடம் நான் கெஞ்சிக் கேட்டது இரண்டே விஷயம். ஒன்று, 'பார்' என்ற சொல். பலகை எழுத்தில் 'ர்' என்பதற்குக் கீழே உள்ள சாய்ந்த வாலை விட்டுவிட்டு, துணைக்கால் மேல் புள்ளி வைத்ததுபோல எழுதுவது வழக்கமாகிவிட்டது. பெரியவர்கள் பழக்கத்தில் சரியாகப் படித்துவிடுவார்கள். பிள்ளையோ இரண்டு கால் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதைப் பார்த்துத் திகைக்கும். இரண்டாவது, 'ஏ'யின் கீழ்க்கோடு. அது மெலிந்தால் 'ஏட்டில்' என்பது 'எட்டில்' ஆகிவிடும். குறிலையும் நெடிலையும் எழுத்திலேயே பிரித்துக் காட்ட இந்தக் கோட்டையும் இரட்டைக் கொம்பையும் 18ஆம் நூற்றாண்டில் கொண்டுவந்தவராக வீரமாமுனிவரைச் சொல்வார்கள். அந்த வேறுபாட்டை இப்போதுதான் பிள்ளை கற்றுக்கொண்டிருக்கிறது. அதைச் சுவர் குழப்பக் கூடாது. நிழல் எழுத்து, இரட்டைக் கரை, எழுத்துக்குள் பூ எல்லாம் வேண்டாம் என்று சொன்னதும் இதனால்தான். கோட்டின் தடிமன் எல்லா இடத்திலும் 1 அங்குலம், அவ்வளவே.

வெளிர் மஞ்சள் சுவரில் கருநீல எழுத்து. பளபளக்கும் எனாமல் பெயிண்டில் வெயில் பட்டால் கண் கூசும் என்பதால் வெளிச்சுவருக்கான எமல்ஷன் எடுத்தோம். பழைய சுண்ணாம்பைச் சுரண்டாமல் மேலேயே பூசினால் ஒரு மழைக்காலத்திலேயே எழுத்தோடு செதிலாக உரியும். சுரண்டி, பட்டி பார்த்து, ப்ரைமர் அடித்து, காய்ந்த பிறகே நிறம். படம் வேண்டும் என்று பிள்ளைகள் கேட்டார்கள். மேகமும் குடையும் வரைந்தது எழுத்துக்கு மேலே. எழுத்தின் பின்னணியில் எதுவும் இல்லை.

கடைசி வரியின் அடிப்பக்கம் தரையிலிருந்து இரண்டரை அடி உயரத்தில் இருக்கிறது. அதற்குக் கீழே மழைத்தண்ணீர் தெறிக்கும், மண்ணின் ஈரமும் சுவரில் ஏறும். இந்த உயரத்தில் இன்னொரு வசதி: கீழ் இரண்டு வரியும் ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் கைக்கு எட்டுகின்றன. இடைவேளையில் 'சொ'வின் வளைவை விரலால் தடவிக்கொண்டு நிற்கும் பிள்ளைகளைப் பார்க்கலாம். தடவட்டும் என்று ஆசிரியையும் விட்டுவிடுகிறார்.

பராமரிப்பில் முதலில் பார்க்க வேண்டியது புள்ளிகளை. இந்த நாலு வரியில் ஒன்பது இருக்கின்றன. சிறியவை என்பதால் அவைதான் முதலில் மங்கும். ஒரு புள்ளி போனால் 'ஏன்' என்பது 'ஏன' என்றாகிவிடும். அதனால் ஒவ்வொன்றையும் 1 அங்குல வட்டமாகவே வைத்தோம். மிஞ்சிய கருநீலத்தை ஒரு சின்ன டப்பாவில் இறுக மூடி, தலைமை ஆசிரியை அறை அலமாரியில் வைத்திருக்கிறார்கள். ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்ததும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஒன்பதையும் எண்ணிப் பார்த்து, மங்கியது எது என்று எழுதிக் கொடுப்பார்கள்.