ஃப்ரெண்ட் ஓகே... அவங்க ஆளைத்தான் பிடிக்கலையா?

காரைக்கால் மாதிரி ஊரில் ஒருத்தரைத் தவிர்க்கிறது கஷ்டம். கடைத்தெருவில் தப்பிச்சா, சாயங்காலம் பீச்சில் மாட்டுவீங்க. அந்த ஒருத்தர் உங்க நெருங்கிய தோழியோட கணவரா இருந்தா? ஆள் கெட்டவர் இல்லை. அவர் பேசுற விதம் உங்களுக்குப் பிடிக்கலை, அவ்வளவுதான்.

பொதுவா நாம என்ன செய்வோம்? முகத்தைக் கல்லு மாதிரி வெச்சுக்கிட்டு, "ம்... சரிங்க"ன்னு சமாளிப்போம். சிக்கலே இங்கேதான். எமிலி பட்லர், ஜேம்ஸ் கிராஸ் உள்ளிட்ட உளவியல் ஆய்வாளர்கள் 2003-ல் ஓர் ஆய்வை வெளியிட்டாங்க. முன்பின் தெரியாத பெண்களை ஜோடி ஜோடியா உட்கார வெச்சு, மனசைப் பாதிக்கிற படம் ஒண்ணைப் போட்டுக் காட்டி, அதைப் பத்திப் பேசச் சொன்னாங்க. சில ஜோடிகளில் ஒருத்தர்கிட்ட மட்டும், உணர்ச்சியை வெளிக்காட்டாதீங்கன்னு ரகசியமா சொல்லியிருந்தாங்க. விஷயம் தெரியாம எதிரே உட்கார்ந்திருந்தவங்களுக்கு ரத்த அழுத்தம் ஏறிச்சு. நெருக்கமும் குறைஞ்சுது. நீங்க மறைக்கிறது என்னன்னு எதிராளிக்குத் தெரியாது. ஆனா ஏதோ சரியில்லைன்னு உடம்புக்குத் தெரிஞ்சுடுது.

அதனால முகத்தை அடக்குறதை விட, சந்திப்பை மாத்துங்க. ஹோட்டல் டேபிளில் எதிரெதிரே ஒன்றரை மணி நேரம்னா அவர் முகத்தையே பார்க்கணும். அதுக்குப் பதிலா அரசலாறு ஓரமா கடற்கரை வரைக்கும் மூணு பேரும் நடங்க. பக்கத்துல நடக்குறப்போ பார்வை ஆத்து மேல இருக்கும். நடுவில் பேச்சு நின்னாலும் உறுத்தாது. ஆனி மாசம்னா மாங்கனித் திருவிழா இன்னும் வசதி. மாடியிலிருந்து மாம்பழம் விழுற கூட்டத்தில் யாருக்கு யார் முகம் தெரியும்!

அவர்கிட்ட பேச ஒரே ஒரு விஷயம் தேடிவைங்க. அவர் வேலை, பைக், எதுவானாலும் உங்களுக்கு நிஜமாவே தெரிஞ்சுக்கணும்னு தோணுறதா இருக்கட்டும். பொய்யா ரசிக்கிறது ரெண்டாவது கேள்வியிலேயே தெரிஞ்சுடும். காலேஜ் கதையை ஆரம்பிச்சா அவருக்கும் புரியுற மாதிரி சொல்லுங்க. நீங்க ரெண்டு பேர் மட்டும் சிரிக்கிறதைத்தான் அவர் வீட்டுக்குப் போனதும் கேட்பார்.

நிஜமான கண்ணி வேற இடத்தில் இருக்கு. சண்டை போட்டுட்டு தோழி ராத்திரி போன் பண்ணி அவரைத் திட்டுவாங்க. "நான் அப்பவே நினைச்சேன்டி"ன்னு வாய் வரைக்கும் வரும். முழுங்கிடுங்க. ரெண்டு நாள்ல அவங்க சமாதானம் ஆகிடுவாங்க, நீங்க சொன்னது மட்டும் அப்படியே நிக்கும். "உனக்கு எவ்ளோ கஷ்டமா இருந்திருக்கும்"னு அவங்க பக்கம் நின்னு பேசுங்க. தீர்ப்பு வேண்டாம். அப்புறமா தோழி வீட்டுக் கதைகளைச் சொல்றதே குறைஞ்சுதுன்னா, உங்க மனசு அவங்களுக்குப் புரிஞ்சுடுச்சுன்னு வெச்சுக்கலாம்.

இதெல்லாம் வெறும் பிடிக்காமைக்குத்தான். அவர் தோழியோட போனைப் பிடுங்கி வெச்சுக்கிறார், கை ஓங்குறார், யாரையும் பார்க்க விடலைன்னா எதையும் மறைக்காதீங்க. அவர் இல்லாத நேரமா பார்த்து, கண்ணால பார்த்ததைத் தோழிகிட்ட நேரா சொல்லுங்க. பெண்கள் உதவி எண் 181-ஐயும் கொடுங்க.