நாண் நீளும் கணக்கு

நேற்றுவரை மஞ்சள் வட்டத்துக்குள் கூடி விழுந்த அம்புகள் இன்று ஒரு வளையம் தள்ளி விழுகின்றன. வில்லாளர் என்ன செய்வார்? சைட்டைக் கொஞ்சம் நகர்த்துவார். மூன்று நாள் கழித்து இன்னும் கொஞ்சம். பெரும்பாலும் தப்பு சைட்டில் இருக்காது, நாணில் இருக்கும். ஒலிம்பிக்கில் பயன்படும் ரிகர்வ் வில்லில் நாண் திருட்டுத்தனமாக எப்படி நீள்கிறது என்று பார்ப்போம்.

நாணில் இரண்டு விதமான நீட்சி உண்டு. ஒன்று, இழுத்தால் நீண்டு, விட்டால் பழைய அளவுக்குத் திரும்புவது. மற்றது, ஓயாத இழுவிசையில் இழைகள் மெல்ல மெல்ல நீண்டு, திரும்பாமலே போய்விடுவது. பழகுபவர்களுக்குத் தரும் பாலியெஸ்டர் நாணில் முதல் வகை தாராளம். அம்பு வேகத்தில் கொஞ்சம் போகும். ஆனால் அந்த நெகிழ்ச்சியே மெத்தை போல வில்முனைகளுக்கு விழும் அதிர்ச்சியைத் தாங்குகிறது. பழைய மரவில்லில் நீளாத நவீன நாணை மாட்டினால் முனை பிளந்துவிடலாம் என்பது இதனால்தான்.

போட்டி வில்களில் இருப்பது டைனீமா போன்ற உயர்ரகப் பாலிஎத்திலீன் இழை. எய்யும்போது அவ்வளவாக நீளாது. ஆனால் திரும்பாமல் நீளும் இரண்டாவது வகை நோய் இதற்கு உண்டு. வெப்பம் ஏறினால் நோயும் ஏறும். வெயிலில் நிறுத்திய காருக்குள் நாண் ஏற்றிய வில்லை விட்டுப்போகாதே என்று பயிற்சியாளர்கள் திட்டுவது வெறும் பயமுறுத்தல் இல்லை. வெக்ட்ரான் என்ற இழைக்கு இந்த நோய் ஏறக்குறைய இல்லை என்பதால் இரண்டையும் கலந்து நூற்பவர்கள் உண்டு. (நம் காட்டில் வளரும் மரல் செடிக்கு ஆங்கிலத்தில் பெயரே வில்நாண் சணல்தான். அதன் நாரில் நாண் திரித்த காலத்திலும் இதே தலைவலி இருந்திருக்கும்.)

நாண் நீண்டதைக் கண்ணால் பார்க்க முடியாது. பிடியின் ஆழமான இடத்திலிருந்து நாண் வரைக்கும் உள்ள இடைவெளியை அளந்தால்தான் தெரியும். 68 அங்குல வில்லுக்கு இது பொதுவாக 21.5 முதல் 23 செ.மீ.க்குள் இருக்கும். புது நாண் மாட்டிய அன்று 22.4 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். இருநூறு அம்பு எய்தபின் 22.0. நாண் நீண்டது அந்த 4 மி.மீ. கூட இல்லை, நாணின் சிறு மாற்றம் இடைவெளியில் பெரிதாகித் தெரிகிறது. இடைவெளி குறைந்தால் நாண் அம்பைத் தள்ளும் தூரம் கூடுகிறது. அம்பு பறக்கும்போது மீன்போல நெளியும் அல்லவா, அந்த நெளிவின் வேறொரு கட்டத்தில் அது நாணை விட்டுப் பிரிகிறது. இறகு வில்லில் உரசக்கூடும், வில்லின் சத்தம் மாறும், சிலருக்கு நாண் முன்கையைத் தட்டும். சந்தேகம் இருந்தால் இறகில்லாத அம்பு ஒன்றை எய்து பாருங்கள். முன்பு கூட்டத்தோடு சேர்ந்து விழுந்தது இப்போது விலகி விழும்.

வைத்தியம் எளிது. வில்லைத் தளர்த்தி, கீழ்க் கண்ணியைக் கழற்றி, ஏற்கெனவே முறுக்கு இருக்கும் அதே திசையில் நாலைந்து சுற்று கொடுத்து மாட்டி, மறுபடி அளக்க வேண்டும். எதிர்த்திசையில் சுற்றினால் நாண் இன்னும் நீளும். அவசரத்தில் பலர் செய்வது இதைத்தான். முறுக்கியபின் அம்பு கோக்கும் புள்ளி ஏறியோ இறங்கியோ இருக்கிறதா என்று பார்க்காமல் எய்யக் கூடாது. முறுக்கு அளவுக்கு மிஞ்சினால் நாண் சுருள்கம்பி போல நெகிழத் தொடங்கிவிடும். அப்போது குட்டையான நாணுக்கு மாறுவதே வழி.

இனி மெழுகு. நாண் நீள்வதை மெழுகு தடுக்கும் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். தடுக்காது. இழைகளை ஒன்றாகக் கட்டி வைப்பது, ஒன்றோடொன்று உரசித் தேயாமல் காப்பது, தண்ணீரும் மணலும் உள்ளே புகாமல் பார்த்துக்கொள்வது, இவைதான் அதன் வேலை. நாணின் மேல் பஞ்சு போல மயிர் எழுந்தால், அல்லது தொட்டால் வறண்டு இருந்தால், மெழுகுக்கு நேரம் வந்துவிட்டது. கொஞ்சமாகத் தேய்த்து, விரலுக்கு நடுவே நாணைப் பிடித்துச் சூடு பறக்க உருவுங்கள். அந்தச் சூட்டில் மெழுகு இளகி உள்ளே இறங்கும். பிறகு ஒரு நூலை நாணில் ஒரு சுற்றுச் சுற்றி மேலிருந்து கீழே இழுத்தால் மிச்சம் வழிந்து வந்துவிடும். மிச்சத்தை விட்டால் எடை கூடி அம்பு மந்தமாகும், தூசியும் ஒட்டும். நடுவில் நூல் சுற்றிய பகுதியைத் தொடாமல் விடுவது நல்லது. மெழுகு இறங்கினால் அந்தச் சுற்று வழுக்கி, அம்பு கோக்கும் புள்ளியே நகரும்.

இழை ஒன்று அறுந்திருந்தால் மெழுகு பூசி மறைக்காமல் நாணையே மாற்றிவிட வேண்டும். அதற்காகவே அனுபவசாலிகள் மாற்று நாணைப் புத்தம்புதிதாகப் பையில் வைப்பதில்லை. அதையும் நூறு இருநூறு அம்பு எய்து பழக்கி, எத்தனை முறுக்கு, எத்தனை செ.மீ. என்று சீட்டெழுதிக் கட்டி வைக்கிறார்கள்.