பிரியாத செல்லுக்குள் எண்ணப்படும் புள்ளிகள்

ஒரு செல் இரண்டாகப் பிரியும் அந்தச் சிறு பொழுதில்தான் குரோமோசோம்கள் சுருண்டு தடித்து, மைக்ராஸ்கோப்பில் ஒவ்வொன்றாக எண்ணும்படி தெரியும். மற்ற நேரங்களில் 46 குரோமோசோம்களும் நூலாக அவிழ்ந்து உட்கருவுக்குள் பரவிக் கிடக்கும். எது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று யாராலும் சொல்ல முடியாது. ஆகவே குரோமோசோம் பரிசோதனை என்றாலே செல்லை வளர்த்து, அது பிரியும்வரை காத்திருந்து பிடிப்பதுதான் நீண்ட கால வழக்கமாக இருந்தது.

பிரியவே மறுக்கும் செல்களிடம் இந்த வழக்கம் பலிக்கவில்லை. சி.எல்.எல். எனப்படும் நாள்பட்ட ரத்தப் புற்றுநோய் இதற்கு நல்ல உதாரணம். பெரும்பாலும் வயதானவர்களுக்கு வரும் நோய் இது. வேறு ஏதோ காரணத்துக்காக எடுத்த ரத்தப் பரிசோதனையில் வெள்ளணுக்கள் அதிகமாக இருப்பதைக் கண்டுதான் பலருக்கு இது தெரியவருகிறது. நோயுற்ற பி வகை லிம்ஃபோசைட்டுகள் ரத்தத்தில் குவிந்திருந்தாலும் அவற்றில் பெரும்பாலானவை பிரியாமல் ஓய்ந்திருக்கும். வளர்ப்புக் கூடத்தில் தூண்டிவிட்டால், பல நேரம் பிரிந்து வந்தவை அதே ரத்தத்தில் இருந்த ஆரோக்கியமான டி வகை செல்கள்தான். அவற்றை எண்ணிப் பார்த்து ‘குரோமோசோம்கள் இயல்பாக உள்ளன’ என்று அறிக்கை எழுதப்பட்டது. நோய் இருந்த செல்லை யாரும் பார்த்திருக்கவே இல்லை.

இந்தத் தடையை உடைத்தது ‘ஃபிஷ்’ என்று பரிசோதனைக் கூடங்களில் அழைக்கப்படும் ஒளிரும் அடையாள முறை. டிஎன்ஏ இரட்டை இழையால் ஆனது. ஓர் இழையின் எழுத்து வரிசை தெரிந்தால், அதனோடு சரியாகப் பொருந்தும் மறு இழையைக் கூடத்தில் தயாரித்துவிடலாம். அதில் ஒளிரும் சாயத்தை ஏற்றினால், அது உட்கருவுக்குள் தன் இணையைத் தேடிப் போய் ஒட்டி அங்கே ஒரு புள்ளியாக மின்னும். இந்தச் சாயம் ஏற்றிய துண்டுக்குப் ‘ப்ரோப்’ என்று பெயர். குரோமோசோம்கள் சோடி சோடியாக இருப்பதால், இயல்பான செல்லில் ஒரு ப்ரோப்புக்கு இரண்டு புள்ளிகள் தெரிய வேண்டும். மூன்று தெரிந்தால் ஒரு குரோமோசோம் கூடுதல். ஒன்றுதான் தெரிந்தால் அந்த இடம் ஒரு பக்கத்தில் விடுபட்டிருக்கிறது. ஜெர்மனியின் ஹைடல்பெர்க்கில் தாமஸ் க்ரெமரும் உடன் பணிபுரிந்தோரும் 1986-இல், பிரியாத உட்கருவிலேயே 18-ஆம் குரோமோசோம் மூன்று இருப்பதை இதுபோன்ற ப்ரோப் முறையால் காட்டினார்கள்.

செய்முறையில் பெரிய மர்மம் இல்லை. நோயாளியின் ரத்தத்திலிருந்து வெள்ளணுக்களைப் பிரித்து, நீர்த்த பொட்டாசியம் குளோரைடு கரைசலில் ஊறவைத்து உப்பச் செய்கிறார்கள். மெத்தனால் மூன்று பங்கும் அசிட்டிக் அமிலம் ஒரு பங்கும் கலந்த திரவத்தில் அவற்றை நிலைப்படுத்தி, கண்ணாடி ஸ்லைடில் சொட்டுவிட்டு உலர்த்துகிறார்கள். அதன்மேல் சில மைக்ரோலிட்டர் ப்ரோப்பை விட்டு மூடி, சுமார் 73 டிகிரி சூட்டில் சில நிமிடம் வைத்தால் டிஎன்ஏவின் இரண்டு இழைகளும் பிரிந்துவிடும். பிறகு 37 டிகிரியில், இருட்டில், ஓர் இரவு முழுக்க வைப்பார்கள். ப்ரோப் தன் இடத்தைக் கண்டு ஒட்டுவது அப்போதுதான். மறுநாள் காலை சூடான உப்புக் கரைசலில் அலசி, ஒட்டாத ப்ரோப்பை நீக்கி, உட்கருவுக்கு நீலச் சாயம் ஏற்றினால் ஸ்லைடு பார்வைக்குத் தயார். அலசல் போதாவிட்டால் ஸ்லைடெங்கும் பொய்ப் புள்ளிகள் மினுங்கும். மிஞ்சிவிட்டால் உண்மைப் புள்ளியும் மங்கிவிடும்.

சி.எல்.எல்.லில் நான்கு இடங்களைத் தேடுகிறார்கள். 12-ஆம் குரோமோசோம் கூடுதலா? 13-ஆம் குரோமோசோமின் நீளக் கையில் ஒரு சிறு துண்டு காணோமா? 11-இல் ஏடிஎம் மரபணு இருக்கிறதா? 17-இன் குட்டைக் கையில் டிபி53 மரபணு இருக்கிறதா? ஜெர்மனியில் ஹார்ட்முட் டோனர் குழுவினர் 325 நோயாளிகளின் செல்களை இப்படிப் பார்த்து 2000-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். 82 சதவீதம் பேரிடம் ஏதாவது ஒரு மாற்றம் இருந்தது. அந்தக் காலச் சிகிச்சையில், 13-இல் மட்டும் துண்டு இழந்தவர்களின் இடைநிலை ஆயுள் 133 மாதங்கள். டிபி53 இருக்கும் துண்டை இழந்தவர்களுக்கு 32 மாதங்கள். மைக்ராஸ்கோப்பில் ஒன்றுபோலவே தோன்றும் செல்களுக்குள் இவ்வளவு பெரிய வேறுபாடு ஒளிந்திருந்தது.

காரணம் டிபி53-இன் வேலையில் இருக்கிறது. டிஎன்ஏ சேதமடைந்த செல்லை மாய்ந்துபோகச் சொல்லும் மரபணு அது. ஃப்ளுடராபின் போன்ற பழைய கீமோ மருந்துகள் டிஎன்ஏவைச் சேதப்படுத்திவிட்டு, மீதி வேலையை அந்தக் கட்டளையிடமே விட்டுவிடுகின்றன. கட்டளையிட ஆளில்லாத செல், சேதத்தோடே பிழைத்துக்கொள்கிறது.

ஒரு மாதிரிக் கணக்கைப் பார்க்கலாம். ஒரு நோயாளியின் ஸ்லைடில் ஒவ்வொரு ப்ரோப்புக்கும் 200 உட்கருக்களை இருவர் தனித்தனியே பகிர்ந்து எண்ணுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 12-ஆம் குரோமோசோமுக்கு எங்கும் இரண்டிரண்டு பச்சைப் புள்ளிகள். 13-இல், தேடும் இடத்துக்கு ஆரஞ்சும் அதே கையின் நுனிக்கு வெளிர்நீலமும் பூசியிருக்கிறது. 140 செல்களில் ஆரஞ்சு ஒன்று, வெளிர்நீலம் இரண்டு. வெளிர்நீலம் இரண்டும் இருப்பதால் குரோமோசோம் முழுதாகப் போகவில்லை, நடுவில் ஒரு துண்டுதான் விழுந்திருக்கிறது என்பது உறுதியாகிறது. 17-இல் 36 செல்களில் டிபி53-க்கு ஒரே புள்ளி. அதாவது 18 சதவீதம்.

இதை அப்படியே நம்பிவிடலாமா? ஆரோக்கியமானவரின் ரத்தத்திலும் சில செல்களில் ஒரு புள்ளிதான் தெரியும். குழுப் புகைப்படத்தில் ஒருவர் பின்னால் ஒருவர் நின்றால் முன்னவர் மட்டும் தெரிவதுபோல, உருண்டையான உட்கருவில் ஒன்றன்கீழ் ஒன்றாக அமைந்த இரு புள்ளிகள் ஒன்றாகத் தோன்றும். சிலவற்றில் ப்ரோப் ஒட்டாமலே போகும். அதனால் ஒவ்வொரு கூடமும் நோயில்லாதவர்களின் செல்களை முதலில் எண்ணி, எத்தனை சதவீதம்வரை வெறும் தோற்றப் பிழை என்று தனக்கொரு எல்லை வகுத்துக்கொள்கிறது. நம் மாதிரிக் கூடத்தின் எல்லை 8 சதவீதம் என்றால், 18 சதவீதம் உண்மையான இழப்புதான். அதுவே 6 என்று வந்திருந்தால் இழப்பு உண்டு என்று எழுத முடியாது. இல்லாத மூன்றாம் புள்ளி தோன்றுவது இதைவிட அரிது. எனவே கூடுதல் குரோமோசோமுக்கான எல்லை பொதுவாகக் குறைவாகவே இருக்கும்.

இந்த நோயாளிக்கு 13-இல் உள்ள நல்ல அடையாளம் கைகொடுக்காது. இரண்டும் சேர்ந்திருந்தால் 17-ஐத்தான் கணக்கில் எடுப்பார்கள். சிகிச்சையும் மாறும். இப்ருடினிப், வெனடோக்ளாக்ஸ் போன்ற மருந்துகள் டிபி53-ஐ நம்பாமல் வேறு வழியில் செல்லைத் தாக்குகின்றன. அமெரிக்காவில் 2016-இல் வெனடோக்ளாக்ஸுக்கு முதல் அனுமதி கிடைத்தது, ஏற்கெனவே ஒரு சிகிச்சையாவது பெற்று, 17-இல் இந்த இழப்பும் உள்ள சி.எல்.எல். நோயாளிகளுக்காகத்தான்.

ஃபிஷ் முறைக்குக் கேட்ட கேள்விக்கு மட்டுமே பதில் சொல்லத் தெரியும். நான்கு ப்ரோப் போட்டால் அந்த நான்கு இடங்கள்தான் தெரியும். ஐந்தாவது இடத்தில் என்ன நடந்தாலும் தெரியாது. ப்ரோப் சில லட்சம் எழுத்துகள் நீளமானது. அதைவிட மிகச் சிறிய துண்டு விழுந்திருந்தால் மிச்சப் பகுதியில் ப்ரோப் ஒட்டி, புள்ளி இரண்டாகவே காட்டும். டிபி53 மரபணு இடத்திலேயே இருந்து, உள்ளே ஓர் எழுத்து மட்டும் மாறிப் பழுதாகியிருந்தாலும் கண்ணுக்கு இரண்டு புள்ளிகள்தான். அதனால் இயல்பான ஃபிஷ் அறிக்கையோடு டாக்டர்கள் நின்றுவிடுவதில்லை. டிபி53-இன் எழுத்து வரிசையையும் வாசித்துப் பார்க்கச் சொல்கிறார்கள்.

நோய் கண்டறிந்தபோது 17-இல் இரண்டு புள்ளிகள் இருந்தவருக்குச் சில ஆண்டுகள் கழித்து ஒன்றாகலாம். சிகிச்சையில் மற்ற செல்கள் மடிய, டிபி53 இழந்த சிறுபான்மை பிழைத்துப் பெருகியிருக்கும். ஆகவே நோய் திரும்பி வந்து, புதிய சிகிச்சையைத் தொடங்க நேரும் ஒவ்வொரு முறையும் பழைய அறிக்கையை வைத்துக்கொண்டு மருந்து எழுதுவதில்லை. மறுபடி ரத்தம் எடுத்து, மறுபடி ஸ்லைடு போட்டு எண்ணுகிறார்கள்.