பழைய சந்தாதாரருக்கு விலையை ஏற்றும்போது

2014 மே மாதம் நெட்ஃபிளிக்ஸ் அமெரிக்காவில் புதிதாகச் சேருபவர்களுக்கு மாதக் கட்டணத்தை 7.99 டாலரிலிருந்து 8.99 டாலராக உயர்த்தியது. ஏற்கெனவே இருந்தவர்களுக்கு இரண்டு ஆண்டுகள் பழைய விலையே என்றது. 2015 அக்டோபரில் புதியவர்களுக்கான விலை 9.99 ஆனது. 2016இல் சலுகைக் காலம் முடிந்தபோது, பழையவர்கள் ஒரே மூச்சில் இரண்டு டாலர் கூடுதலாகக் கட்ட வேண்டியிருந்தது.

அந்தக் காலாண்டில் அமெரிக்காவில் நிகரமாக 5 லட்சம் பேர் கூடுவார்கள் என்று நிறுவனம் கணித்திருந்தது. கூடியவர்கள் 1.6 லட்சம் பேர்தான். செய்தித்தாள்களில் வந்ததைப் படித்த சிலர், இது பழைய அறிவிப்பின் முடிவு என்று எண்ணாமல், புதிய விலையேற்றம் என்று நினைத்து விலகிவிட்டதாக நிறுவனமே பங்குதாரர்களுக்கு எழுதியது. இரண்டு ஆண்டு பொறுத்தது நல்லெண்ணம்தான். ஆனால் வாக்கு யாருக்கும் நினைவில் இல்லை. இடைவெளியோ வளர்ந்துகொண்டே இருந்தது. அதிக விசுவாசம் காட்டியவர்களுக்கே பெரிய அடி விழுந்தது.

ஆண்டுச் சந்தாவில் இந்தச் சிக்கல் இன்னும் கூர்மையானது, மொத்தத் தொகையும் ஒரே நாளில் கண்ணில் படுவதால். ஒரு சிறு பத்திரிகையை எடுத்துக்கொள்வோம். ஆயிரம் சந்தாதாரர்கள், ஆண்டுக்கு 600 ரூபாய். ஒருவருக்கு அச்சும் தபாலும் 420 ரூபாய் என்றால் மிச்சம் 180. சந்தாவை 720 ஆக்கினால் மிச்சம் 300. அப்போது 400 பேர் விலகினாலும் கையில் நிற்பது அதே 1,80,000 ரூபாய். இந்தக் கணக்கு ஆளை மயக்கும். விலகியவர்களில் பத்தாண்டு வாசகர்கள் எத்தனை பேர், அவர்கள் சொல்லிச் சேர்த்த நண்பர்கள் எத்தனை பேர் என்பது அதில் வராது.

எனக்குச் சரியாகப் படும் வழி இது. புதுப்பிக்கும் நாளுக்கு இரண்டு மாதம் முன்பே, ஆசிரியர் பெயரிலேயே ஒரு கடிதம். 'சிறிது உயர்வு' என்று மழுப்பாமல் 600 இனி 720 என்று முதல் வரியிலேயே இருக்க வேண்டும்; காகித விலை, தபால் செலவு என்று உண்மையான காரணமும் வேண்டும். ஐந்தாண்டுக்கு மேல் உடனிருப்பவர்கள் கெடு தேதிக்குள் கட்டினால், இன்னும் ஒரே ஓர் ஆண்டுக்குப் பழைய விலை. மூன்றாண்டுக்குத் தருவது ஆபத்து. காகிதம் மறுபடி ஏறினால் பத்திரிகை தன் கைப்பணத்தைப் போட்டு அச்சடிக்க நேரும். அந்த ஓராண்டு எந்தத் தேதியில் முடிகிறது என்பதை ரசீதிலும் அச்சிட வேண்டும். மறந்துபோன வாக்கு எப்படி முடியும் என்பதைத்தான் 2016இல் பார்த்தோம்.

பிறகு, மொத்த எண்ணிக்கையைப் பார்ப்பதில் பயனில்லை. சேர்ந்த ஆண்டு வாரியாகப் புதுப்பிப்பை எண்ண வேண்டும். சென்ற ஆண்டு வந்தவர்கள் வழக்கம்போல் புதுப்பிக்க, நூற்றுக்குத் தொண்ணூறு பேர் புதுப்பித்துவந்த பத்தாண்டு வாசகர்கள் எண்பதாகக் குறைந்தால், தவறு விலையில் இல்லை, கடிதத்தில் இருக்கிறது. விடுபட்ட அந்தப் பத்துப் பேரை அதே வாரத்தில் தொலைபேசியில் அழைத்துக் காரணம் கேட்க வேண்டும்.