இரண்டு மாடி ஏற முடிகிறதா?

மாரடைப்பு வந்து, ஸ்டென்ட் வைத்து வீடு திரும்பியவர் அடுத்த பரிசோதனைக்கு வரும்போது டாக்டரிடம் நிறையக் கேட்கிறார். முட்டை சாப்பிடலாமா, பைக் ஓட்டலாமா, வெயிலில் நடக்கலாமா என்றெல்லாம் விசாரிக்கிறார். மனைவியோடு சேரலாமா என்பதை மட்டும் கேட்காமலே எழுந்துவிடுகிறார். பல நேரம் டாக்டரும் அதைத் தொடுவதில்லை. வீட்டில் மனைவி, நம்மால் அவருக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயந்து ஹாலில் பாய் விரித்துப் படுக்கிறார். இருவரும் வாய்விட்டுப் பேசாமலேயே மாதங்கள் போய்விடுகின்றன.

இந்தப் பயத்தை அளந்து பார்க்க முடியும். சும்மா உட்கார்ந்திருக்கும்போது உடல் செலவிடும் சக்தியை 1 என்று வைத்தால், பழகிய துணையோடு தாம்பத்திய உறவுக்கு ஆவது 3 முதல் 5 மடங்கு. அதுவும் சில நிமிடங்களுக்குத்தான். நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 130-ஐத் தாண்டுவது அபூர்வம். நிற்காமல் இரண்டு மாடி ஏறுவதற்கும் ஏறக்குறைய இதே உழைப்புதான்.

54 வயது மளிகைக் கடைக்காரர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அடைப்புக்கு உடனே ஸ்டென்ட் வைத்தாகிவிட்டது, எக்கோவில் பம்பிங் நன்றாக இருக்கிறது, வேறு சிக்கல் எதுவும் இல்லை. இப்படிப்பட்டவருக்கு, லேசான, மிதமான உழைப்பில் தொந்தரவு ஏதும் வரவில்லையென்றால், ஒரு வாரத்துக்குப் பிறகே உறவு கொள்ளலாம் என்கிறது அமெரிக்க இதயச் சங்கத்தின் 2012 அறிக்கை. அவர் அவசரப்பட வேண்டாம். முதலில் வீட்டுக்குள் நடக்கட்டும், பிறகு தெருவில் நடக்கட்டும். ஒன்றரை கிலோமீட்டரை 20 நிமிடத்தில், பேசிக்கொண்டே நடக்க முடிகிற நிலை வந்ததும் டாக்டரிடம் சொல்லிவிட்டு மாடிப்படி ஏறிப் பார்க்கலாம். நெஞ்சு இறுக்கம், பேச முடியாத மூச்சிரைப்பு, படபடப்பு, தலைசுற்றல் இவற்றில் எதுவும் இல்லாமல் இரண்டு மாடி ஏறிவிட்டால் உறவுக்கும் அவர் தயார். சந்தேகம் இருந்தால் டிரெட்மில் டெஸ்ட் இருக்கிறது. வழக்கமான அந்தப் பரிசோதனையின் முதல் 3 நிமிடக் கட்டமே ஏறக்குறைய 5 மடங்கு உழைப்பு.

ஆனால் கடையில் அரிசி மூட்டை தூக்குவதற்கு இந்த அளவுகோல் போதாது. மூச்சை அடக்கி, தம் பிடித்துத் தூக்கும்போது ரத்த அழுத்தம் சட்டென்று ஏறுகிறது. மாடி ஏறும்போது அப்படி ஆவதில்லை. அதனால் அவர் 5 கிலோ பையில் தொடங்கி, தூக்கும்போது மூச்சை வெளியே விட்டபடி, வாரக்கணக்கில்தான் எடையைக் கூட்ட வேண்டும். பைபாஸ் செய்தவர்களுக்கு நெஞ்செலும்பு கூடவே 6 முதல் 8 வாரம் ஆகும். அதுவரை மூட்டையும் கூடாது, நெஞ்சில் பாரம் விழும் நிலையில் உறவும் கூடாது. சும்மா இருக்கும்போதே நெஞ்சுவலி வருபவர்கள், கால் வீங்கி மூச்சு வாங்குபவர்கள், பிரஷர் கட்டுப்படாதவர்கள் முதலில் அதற்குச் சிகிச்சை பெற வேண்டும்.

என்னைக் கேட்டால், உறவைவிட அதற்காக ரகசியமாகப் போடும் மாத்திரைதான் பெரிய ஆபத்து. மாரடைப்புக்குப் பிறகு மனக்கலக்கத்தாலும் சில மாத்திரைகளாலும் விறைப்பு குறைவது உண்டு. அதை டாக்டரிடம் சொன்னால் மருந்தை மாற்றித் தர வழியிருக்கிறது. தானாக மருந்தை நிறுத்துவது தவறு. மருந்துக்கடையில் ‘அந்த மாத்திரை’ வாங்குவது அதைவிடத் தவறு.

நெஞ்சுவலிக்கு நாக்கடியில் வைக்கும் ஐசோசார்பைடு, நைட்ரோகிளிசரின் போன்ற நைட்ரேட் மருந்துகள் ரத்தக்குழாய்களைத் தளர்த்தும் ஒரு பொருளை உடலில் பெருக்குகின்றன. சில்டெனாஃபில், டடலாஃபில் மாத்திரைகள் அந்தப் பொருள் சிதையாமல் தடுக்கின்றன. இரண்டும் சேர்ந்தால் குழாய்கள் ஒரேயடியாகத் தளர்ந்து பிரஷர் அதலபாதாளத்துக்கு இறங்கும். மயக்கம் வரும், உயிரும் போகலாம். சில்டெனாஃபிலே முதலில் நெஞ்சுவலிக்கு மருந்தாக ஆராயப்பட்டதுதான். தினசரி நைட்ரேட் எடுப்பவருக்கு இவை அறவே கூடாது. அதே குணம் கொண்ட நிகோரண்டில் எடுப்பவருக்கும் கூடாது. ‘மூலிகை வீரிய மாத்திரை’ என்று விற்பவற்றில் சில்டெனாஃபிலைக் கலந்திருப்பது பலமுறை கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது.

நம் கடைக்காரர் இதையெல்லாம் மீறி மாத்திரை போட்டார், நடுவில் நெஞ்சு வலித்தது என்று வைத்துக்கொள்வோம். உடனே நிறுத்திவிட்டு உட்கார வேண்டும். சட்டைப்பையில் இருக்கும் நாக்கடி மாத்திரையைத் தொடக் கூடாது. சில்டெனாஃபில் போட்டு 24 மணி நேரமும், டடலாஃபில் போட்டு 48 மணி நேரமும் ஆகும்வரை நைட்ரேட் தரக் கூடாது. அவரைப் பார்க்கும் டாக்டருக்கு இது தெரிந்தால்தான் வேறு மருந்து தருவார். 108-க்குப் போன் செய்யுங்கள். வந்தவர்களிடம் எந்த மாத்திரை, எத்தனை மணிக்குப் போட்டது என்பதை வெட்கப்படாமல் சொல்லிவிடுங்கள்.